பத்தாவதோடு நிற்கும் பெண்களுக்காகச் சுவரில் ஒரு வாசகம்: கேள்வி பதில்

வியாசர்பாடியிலிருந்து: அக்கா, எங்க தெருச் சுவருல "பெண்ணைப் படிக்க வை, செலவே இல்லை"ன்னு எழுதலாம்னு இருக்கோம். சரியா இருக்குமா?

"செலவே இல்லை" என்பதை எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் அம்மா அன்று காலையில்தான் மகளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பியிருப்பார். உங்கள் வாசகத்தை அவர் அங்கேயே நம்பாமல் போய்விடுவார்.

அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், எட்டாம் வகுப்பு வரை சீருடை, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள், இவை உண்மையிலேயே இலவசம். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலிருந்து மதியச் சோறு வீட்டுப் பொறுப்பு. பிராஜெக்ட் சார்ட், ஜெராக்ஸ் போன்ற சில்லறைச் செலவும் அப்போதுதான் கூடும். பத்தாவதோடு நிறுத்தலாமா என்ற பேச்சு வீட்டில் எழுவதும் அதே நேரத்தில்தான். ஆகவே இலவசமானதைப் பெயர் சொல்லி எழுதுங்கள், வீட்டின் மேல் விழுவதையும் மறைக்காமல் எழுதுங்கள்:

புத்தகம் உண்டு, பஸ் பாஸ் உண்டு
மதியச் சோறு வீட்டிலிருந்து
பிளஸ் டூ வரை பொண்ணு படிக்கட்டும்

இரண்டாவது வரிதான் இதன் உயிர். அதை எடுத்துவிட்டால் இதுவும் மற்ற விளம்பரங்களில் ஒன்றாகிவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருதே. அதைப் போட்டாலே போதுமே, எல்லாரும் அனுப்புவாங்க.

பாதிதான் சரி. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பணம் பள்ளி மாணவிக்கு வருவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் மேற்படிப்பில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். "படித்தால் மாதம் ஆயிரம்" என்று மொட்டையாக எழுதினால், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் தாய் பாஸ்புக்கோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார். "பிளஸ் டூ முடிச்சு காலேஜ் போனா மாசம் ஆயிரம்" என்று காலத்தையும் சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

பெரம்பூரிலிருந்து: என் பொண்ணு பத்து வரைக்கும் தனியார் பள்ளி. ஃபீஸ் கட்ட முடியல. இப்ப அரசுப் பள்ளிக்கு மாத்தினா அந்த ஆயிரம் வருமா?

இது வாசகத்தைப் பற்றிய கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மாற்றுங்கள், ஃபீஸ் பாரம் குறையும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்ற நிபந்தனை இருப்பதால் அந்த ஆயிரத்தை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். சேர்க்கை நேரத்திலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் கேட்கலாம்.

கண்ணகி நகரிலிருந்து: எங்க பக்கம் பஸ் பாஸ் இருந்தும் ஷேர் ஆட்டோதான் பிடிக்க வேண்டியிருக்கு. இதை எப்படி எழுதறது?

அப்படியென்றால் உங்கள் சுவரில் "பஸ் பாஸ் உண்டு" எழுதாதீர்கள். முதலில் பள்ளி நேரத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று நின்று பாருங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் அந்தப் பேருந்தில்தான், டீலக்ஸிலும் ஏசியிலும் இல்லை. நேரத்துக்கு வருகிறதென்றால் அந்த நேரத்தையே சுவரில் எழுதுங்கள். வரவில்லையென்றால் வாசகத்துக்கு முன்னால் பேருந்து கேட்டு மனு எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து மறுபடியும்: எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?

முப்பதடி தள்ளி நிற்பவர் படிக்க வேண்டுமானால் எழுத்து மூன்று அங்குல உயரமாவது இருக்கட்டும். எழுத்தின் கோடுகளும் சுழிகளும் மேலும் கீழும் நீளும் என்பதால் வரிகளுக்கு இடையே இன்னொரு மூன்று அங்குலம் விடுங்கள். நெருக்கி எழுதினால் மேல்வரியின் "பு"வும் கீழ்வரியின் "டி"யும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அகலமான சுவரில் மேலே சொன்ன மூன்று வரியும் தாராளமாக அடங்கும். இடம் ரேஷன் கடை வரிசைக்கு எதிரே என்றால் நல்லது, நிற்பவர்களுக்குப் படிக்க நேரமிருக்கும்.

பெயிண்ட் அடிக்கும் முன் தெருவில் மூன்று அம்மாக்களிடம் படித்துக் காட்டி, "இதுல நீங்க எதுக்குக் காசு போடணும்னு இருக்கு?" என்று கேளுங்கள். "எல்லாம் ஃப்ரீனு போட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னாலும் இரண்டாவது வரியை மாற்றி எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து: அதெல்லாம் சரி. வேலைக்குப் போனா பொண்ணு மாசம் சம்பளம் கொண்டு வருவா. அந்தச் சம்பளத்துக்கு உங்க வாசகத்துல என்ன பதில் இருக்கு?

இல்லை. அந்தச் சம்பளத்தை ஈடுகட்டும் வரியை எழுத முடியாது, எழுதினால் பொய்யாகிவிடும். அந்த வீட்டுக்கு நேரில் போய், எந்தக் கடன், எந்த மாதம் முடிகிறது என்று கேட்டு, அதுவரை பள்ளியில் பெயர் நீக்கப்படாமல் இருக்கத் தலைமையாசிரியரிடம் பேசத்தான் முடியும். அதுவும் எல்லா வீட்டிலும் பலிப்பதில்லை.

காசிமேட்டிலிருந்து: பலிக்காத வீட்டுக்கு?

இங்கே யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.