தியாகியின் வலியை ஏன் தண்ணீர் கொடுத்து நினைக்கிறார்கள்?

"தியாகி என்றால் யார்? சீக்கியர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் அவர்கள் பட்ட துன்பத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?"

அரபியின் 'ஷஹீத்', கிரேக்கத்தின் 'மார்த்திஸ்' இரண்டுக்கும் மூல அர்த்தம் 'சாட்சி'. சீக்கியர்களும் ஷஹீத் என்றுதான் சொல்கிறார்கள். உயிரே போனாலும் நம்பிக்கையை விடாமல், அதற்குச் சாட்சியாக நின்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் கதையாகச் சொன்னால் வலி இரண்டு தலைமுறையில் மங்கிவிடும், அதனால் கையும் நாக்கும் சேர்ந்து நினைக்கும்படி செய்கிறார்கள். தாத்தா திதிக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைக்கிறோமே, அந்த மாதிரி. 680இல் ஈராக்கின் கர்பலாவில், முகமது நபியின் பேரன் ஹுசைனின் கூட்டத்துக்கு எதிரிப் படையினர் யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீரைத் தடுத்தார்கள். அதனால் முஹர்ரத்தில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் தரும் 'சபீல்'. சீக்கியர்களின் ஐந்தாவது குருவான அர்ஜன் 1606இல் லாகூரில் கொல்லப்பட்டார். சுடும் தகட்டில் உட்காரவைத்துக் கொதிமணலைக் கொட்டினார்கள் என்பது சீக்கிய மரபு. அவர் நினைவுநாள் வருவது பஞ்சாபின் கொளுத்தும் வெயிலில், அன்று பாலும் ரோஜா சர்பத்தும் கலந்த குளிர்ந்த தண்ணீரை, யார் என்ன மதம் என்று கேட்காமல், தெருவில் போகிற எல்லோர் கையிலும் கொடுக்கிறார்கள். இதன் பெயரும் 'சபீல்' என்பதன் பஞ்சாபி வடிவம்தான், முதல் ஒலி மட்டும் அழுத்தமாகி 'ச்சபீல்' ஆகிவிட்டது. கிறிஸ்தவர்கள் வேறு வழியில் போனார்கள்: இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னாவில் கொல்லப்பட்ட ஆயர் பாலிகார்ப்பின் எலும்புகளை எடுத்துவைத்து, அவர் இறந்த நாளையே 'பிறந்தநாள்' என்று கொண்டாடினார்கள்.

அப்புறம், தியாகி என்றால் சாவைத் தேடிப் போனவர் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிகார்ப் கதையை எழுதியவர்களே, தானாக முன்வந்து பிடிபடுவதைப் பாராட்டவில்லை.