கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு: தேசிக்காயும் ஸ்பிரிட்டும் வேண்டாம்

"டொக்டர், எனக்கு 47 வயது, கல்லடியில் இருக்கிறேன். வீட்டில் வடை, ரோல்ஸ் பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கண்ணாடி எடுத்து 8 மாதம் ஆகிறது. எந்த நேரமும் எண்ணெய்ப் பிசுக்குத்தான். சாறித் தலைப்பால் துடைத்தால் பரவுகிறதே தவிரப் போகவில்லை. இப்போது வலது பக்கம் நடுவில் மங்கலாக இருக்கிறது. தேசிக்காய்ச் சாறு அல்லது ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போகும் என்கிறார்கள். போடலாமா?"

இரண்டையும் போடாதீர்கள். நீங்கள் எடுத்தது கூச்சம் குறைக்கும் கோட்டிங் உள்ள பிளாஸ்டிக் லென்ஸாகத்தான் இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் லென்ஸில் விழும் பல்பின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அதுதான். பிளாஸ்டிக்கின் மேல் மிக மெல்லிய படைகள் பல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்தாலும் தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. எண்ணெய் ஒட்டாமல் தடுக்கும் படை எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விட மெல்லிசாக இருக்கிறது. அதனால் முதலில் தேய்ந்து போவதும் அதுதான். அது தேய்ந்த இடத்தில் பிசுக்கு இன்னும் இலகுவாகப் பிடிக்கும், நீங்களும் இன்னும் அழுத்தித் துடைப்பீர்கள். தேசிக்காயின் புளிப்பும் கடுமையான ஸ்பிரிட்டும் இந்தப் படைகளுக்கு ஆகாது. ஜன்னல் துடைக்கும் அமோனியா திரவம், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவையும் கிட்ட வரக்கூடாது.

ஆனால் உங்கள் கண்ணாடியை அதிகம் கெடுத்தது சாறித் தலைப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தாச்சியிலிருந்து எழும்பும் எண்ணெய்ப் புகை லென்ஸில் படிந்து ஒட்டும் தன்மையாகிவிடும். அதில் மாத்தூளும் கடற்கரைக் காற்றோடு வரும் மணல் தூளும் வந்து ஒட்டும். மணல் துகள் பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ கடினமானது. உலர்ந்த துணியால் தேய்க்கும்போது எண்ணெய் பரவுவது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், மணல் கீறுவது தெரியாது. ஊதிவிட்டுத் துடைத்தாலும் இதே கதைதான். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம்.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கையிலுள்ள எண்ணெய்தான் லென்ஸுக்குப் போகும். பிறகு கண்ணாடியைக் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான தண்ணீரின் கீழ் பிடித்து, தொடாமல் மணலை ஓடவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு லென்ஸிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சிறு துளி. கைக்கு மென்மை தரும் கிரீம் சேர்ந்த வகையோ, எலுமிச்சைச் சாறு சேர்ந்த வகையோ வேண்டாம். விரல் நுனியால் இரு பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். மூக்கில் அழுந்தும் பகுதி, சட்டத்தின் ஓரம் இரண்டையும் மறக்காதீர்கள், துடைத்த பிறகும் எண்ணெய் திரும்ப வருவது அங்கிருந்துதான். நுரை போகும்வரை அலசுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு கோப்பை குடிதண்ணீர் ஊற்றுங்கள். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், ஆகவே தண்ணீரை உதறிவிட்டு, கடையில் தந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியையும் வாரம் ஒருமுறை சவர்க்காரத்தில் கழுவ வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் ஊறவைக்காதீர்கள், அது லென்ஸில் கோடுகோடாகப் படியும்.

கொதிதண்ணீர் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் விரியும், மேலே உள்ள கோட்டிங் அந்த அளவு விரியாது, அதனால் சிலந்தி வலைபோல வெடிக்கும். தாச்சிக்கு மேலே குனிந்து நிற்பதும் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கண்ணாடியை விட்டுப்போவதும் இதையே செய்யும். பழைய கண்ணாடி ஒன்றில் பார்வை போதுமானதாக இருந்தால் பொரிக்கும் நேரம் அதைப் போடுங்கள்.

இனி அந்த வலது பக்க மங்கல். மேலே சொன்னபடி கழுவி உலர்த்திவிட்டு, பல்புக்குக் கீழே லென்ஸை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மங்கல் போயிருந்தால் அது பிசுக்குத்தான். வலைபோன்ற கோடுகள் தெரிந்தாலோ, அந்தப் பச்சை அல்லது ஊதா நிறம் ஓரிடத்தில் மட்டும் திட்டாக மறைந்திருந்தாலோ கோட்டிங் போய்விட்டது. அதை எந்தத் திரவத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று எடுத்த கடையில் கேட்டுப் பாருங்கள்.

லென்ஸ் சுத்தமாக இருந்தும் மங்கினால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கண்ணையும் மாறிமாறி மூடிப் பாருங்கள். வலது கண்ணில் மட்டும் புகைபோல இருந்தால் அது லென்ஸின் பிரச்சினை அல்ல. புரை, கருவிழியில் கோளாறு என்று எதுவும் இருக்கலாம். அப்படியானால் இந்த வாரமே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டுங்கள். மங்கல் திடீரென்று வந்தாலோ, வலியும் சிவப்பும் சேர்ந்திருந்தாலோ அன்றே போக வேண்டும்.