ஆயில் ஸ்டியரிங்கும் மோட்டார் ஸ்டியரிங்கும்: உள்ளே முறுகுகிற கம்பி ஒன்றுதான்

கேள்வி: பழைய கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், இன்னொன்றில் எலக்ட்ரிக். உள்ளே என்னதான் வித்தியாசம்? மலை ரோட்டுக்கு எது தேவலை?

செங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போய்வருகிற வண்டிகள்தான் என்னிடம் பாதிக்கு மேல் வரும். அதனால் ஸ்டியரிங் புகார் இல்லாத வாரம் கிடையாது.

முதலில் ரேக் எது, பினியன் எது என்று பார்த்துவிடலாம். ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கி வருகிற தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதுதான் பினியன். அதோடு சேர்ந்து, வண்டியின் குறுக்கே ஒரு நீளத் தண்டு படுத்திருக்கும். அதில் ஒரு பக்கம் ரம்பம் மாதிரி பல் வெட்டியிருக்கும். அது ரேக். பினியன் சுற்றினால் ரேக் இடமும் வலமும் நகரும். அதன் இரண்டு முனையிலும் மாட்டிய டை ராடு சக்கரத்தைத் திருப்பும். உதாரணத்துக்கு, பினியன் ஒரு சுற்றுக்கு ரேக்கை 48 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்று வையுங்கள். நேராக இருக்கும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்க ஒன்றரைச் சுற்று, அதாவது 540 டிகிரி. ரேக் 72 மில்லிமீட்டர் போகும், சக்கரம் 35 டிகிரி அளவுக்குத் திரும்பும். 540-ஐ 35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 15. கையின் பலத்தை இந்த அமைப்பு ஏறக்குறைய 15 மடங்கு ஆக்கித் தருகிறது. ஓடுகிற வண்டிக்கு இது போதும். நிற்கிற வண்டியில் டயர் தார் ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும்போதும், மெதுவாகக் கொண்டை ஊசியில் ஒடிக்கும்போதும் போதாது.

அங்கேதான் பவர் உதவி வருகிறது. உங்கள் கேள்விக்கான விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டியரிங் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவில், பென்சில் கனத்தில் ஒரு எஃகுக் கம்பி இருக்கும். பெயர் டார்ஷன் பார். நீங்கள் வீலைத் திருப்புகிறீர்கள், டயர் திரும்ப மறுக்கிறது. அப்போது இந்தக் கம்பி ஓரிரண்டு டிகிரி முறுகும். டிரைவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதை அந்த முறுக்குதான் சொல்கிறது. ஹைட்ராலிக்கிலும் இதே கம்பி, எலக்ட்ரிக்கிலும் பெரும்பாலும் இதே கம்பி. முறுக்கை யார் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஹைட்ராலிக்கில் கேட்பது ஒரு வால்வு. எஞ்சினோடு பெல்ட் போட்டு ஓடும் பம்ப், ஆயிலைச் சுற்ற விட்டுக்கொண்டே இருக்கும். வீல் நேராக இருக்கையில் ஆயில் வால்வு வழியாகச் சும்மா திரும்பிவிடும். கம்பி முறுகினால் வால்வில் ஒரு பக்கத்து வழி குறுகும், இன்னொரு பக்கம் திறக்கும். ரேக்கின் மேலேயே ஒரு பிஸ்டன் இருக்கிறது, அதன் ஒரு பக்கத்தை ஆயில் தள்ளும். அழுத்தம் 80 பார், பிஸ்டன் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால் தள்ளுவது சுமார் 800 கிலோ. இரண்டு கை கொடுக்க முடியாத பலம் அது.

எலக்ட்ரிக்கில் முறுக்கை ஒரு சென்சார் அளக்கும். வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு கன்ட்ரோல் யூனிட் ஒரு மோட்டாரை ஓட்டும். சின்னக் கார்களில் இந்த மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். கனமான வண்டியில் கீழே ரேக்கோடு இருக்கும். 1988-ல் ஜப்பானில் சுஸுகியின் செர்வோ என்கிற குட்டிக் காரில் வந்ததும் தண்டோடு மோட்டார் வைத்த வகைதான். பம்ப் மாதிரி இது எந்நேரமும் எஞ்சினை இழுத்துக்கொண்டிருக்காது. நேரே போகும்போது மின்சாரம் பேருக்குத்தான் செலவாகும், அதனால் கொஞ்சம் பெட்ரோல், டீசல் மிச்சம். ஆனால் நின்ற இடத்தில் முழுக்க ஒடித்தால் அந்தச் சில வினாடிக்கு 50, 60 ஆம்பியர் கூட இழுக்கும். பேட்டரி நொந்திருந்தால் முதலில் அழுவது ஸ்டியரிங்தான்.

இரண்டில் எது செத்தாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது. டார்ஷன் பார் ஓர் அளவுக்கு மேல் முறுகாமல் முட்டு இருக்கிறது. முட்டியதும் தண்டு நேரடியாக பினியனைச் சுற்றும். கல்லைத் தூக்குகிற மாதிரி கனக்கும், ஆனால் திரும்பும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற சிலர் இருக்கிறார்கள். ஹைட்ராலிக் வண்டியில் பம்ப் நின்றதும் அந்தக் கனம் எஸ் வளைவில்தான் தெரியவரும். பிரேக் பூஸ்டரும் சில மிதிகளில் கைவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங் நிஜமாகவே பூட்டிக்கொள்ளும். செய்யாதீர்கள்.

போன மழைக்காலத்தில் தென்மலையிலிருந்து ஒரு ஹைட்ராலிக் டாக்ஸி வந்தது. முழுக்க ஒடித்தால் ஊளைச் சத்தம், வளைவில் திடீர்க் கனம். "வாரா வாரம் ஆயில் ஊத்துறேன் அண்ணே, கீழ ஒரு சொட்டு கூட விழல, எங்கதான் போகுது?" என்றார் டிரைவர். டப்பாவைத் திறந்தேன். ஆயில் நுரைத்துப் பால் காபி மாதிரி இருந்தது. காற்று கலந்துவிட்டது என்று அர்த்தம், ஊளையும் அதனால்தான். வண்டியைத் தூக்கி, ரேக் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கையால் அமுக்கினேன். இடதுபக்கம் வெறும் காற்று. வலதுபக்கம் தண்ணீர்ப் பை மாதிரி கனத்தது. கிளிப்பைக் கழற்றினதும் ஒரு டீ கிளாஸ் ஆயில் வந்து விழுந்தது. முனைச் சீல் போய், ஆயில் முழுக்க உறைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. தரையில் எப்படிச் சொட்டும்?

சீலை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். ரேக் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில் சொரசொரவென்று தட்டியது. முன்னால் எப்போதோ உறை கிழிந்து, சேறு போய்த் துரு பிடித்த இடம். உறையை மட்டும் புதிதாகப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தத் துருக்குழி ஒவ்வொரு திருப்பத்திலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புதுச் சீல் போட்டாலும் அடுத்த மழை வரைக்கும் தாங்காது. ரேக்கையே மாற்றினோம். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். அதன்பின் எஞ்சினை ஓட விட்டு இன்னும் சில தடவை.

நீங்கள் பார்த்திருக்கிற ஹைட்ராலிக் காரில் இந்த ரப்பர் உறைகளை அமுக்கிப் பாருங்கள். நகச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்க மாட்டார். எஞ்சினை ஓட விட்டு இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துச் சத்தம் கேளுங்கள். கடைசியில் சில வினாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும்.

எலக்ட்ரிக் காரில் சாவி போட்டதும் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மகிழாதீர்கள், பழுதை மறைக்க விளக்கைக் கழற்றியிருக்கலாம். எரிந்து அணையாமலே நின்றால், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்காமல் ஸ்டியரிங் தண்டைக் கழற்ற யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் மச்சான் வண்டிக்கு ஓரிடத்தில் பெரிய செலவு சொல்லி பயமுறுத்தினார்கள். பேட்டரி மாற்றியதும் விளக்கு அணைந்தது. அப்புறம், நின்ற இடத்திலேயே பத்து, பதினைந்து தடவை முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, ஆறினால் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது ஹைட்ராலிக்தான். டயர் ஈர ரோட்டில் வழுக்கத் தொடங்குவது முன்கூட்டியே கைக்குத் தெரியும். ஆனால் நான் வாங்குவதாக இருந்தால், இந்த மழைக்கும் சேற்றுக்கும் பத்து வயது ஹைட்ராலிக் ரேக்கை விட, விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிற எலக்ட்ரிக்கைத்தான் எடுப்பேன்.