நோய்க்கு யார் பெயர்? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

பார்க்கின்சன் நோய் பார்க்கின்சனுக்கா வந்தது? (திருச்சி வாசகர்)

இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் மருத்துவர். 1817-இல் ஆறு பேரின் நடுக்கத்தைக் கவனித்து எழுதினார். அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. அவர் வைத்த பெயர் 'நடுங்கும் வாதம்'. பல பத்தாண்டுகள் கழித்து பாரீஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர்தான் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் இப்படித்தான். நோயின் காரணம் தெரியாத காலத்தில், 'அன்னார் எழுதினாரே, அந்த நோய்' என்று சுட்டுவது வசதி. யாரும் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை, பின்னால் வருபவர்கள் வைக்கிறார்கள். அதனால் தவறான ஆளுக்குப் பெயர் போவதும் சகஜம்.

அப்பாவின் பழைய ஃபைலில் 'ரைட்டர்ஸ் சிண்ட்ரோம்' என்று இருக்கிறது. இப்போதைய டாக்டர் 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார். நோய் மாறிவிட்டதா? (கோவை வாசகி)

நோய் அதேதான், பெயர்தான் மாறியிருக்கிறது. வயிற்றுப்போக்கோ சிறுநீர்ப் பாதைத் தொற்றோ வந்து, ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் வீங்கும். சிலருக்குக் கண் சிவக்கும், சிறுநீர் கழிக்கும்போது எரியும். கண், சிறுநீர், மூட்டு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பழைய பெயர் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மூன்றையும் நினைவில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு பாட்டே உண்டு: பார்க்க முடியாது, மூத்திரம் போக முடியாது, மரம் ஏற முடியாது. ஆனால் எல்லோருக்கும் மூன்றும் வருவதில்லை. மூட்டு மட்டும் வீங்கி வருபவரை இந்தப் பாட்டை நம்பித் தவறவிட்டவர்கள் உண்டு.

பெயர் போனதற்குக் காரணம் வேறு. ஹான்ஸ் ரைட்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1916-இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு வந்த இந்த நோயை எழுதினார். காரணம் ஒரு சுருள் கிருமி என்றார். அது தவறு. அதே ஆண்டு ஃபிஸிஞ்ஜர், லெருவா என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களும் இதை எழுதியிருந்தார்கள். 1942-இல் அமெரிக்காவில் பாவர், எங்கல்மன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் ஆங்கில உலகில் ரைட்டர் பெயர் நிலைத்தது. அந்த நேரத்தில் ரைட்டர் நாஜி அரசின் சுகாதார அலுவலகத் தலைவர். புக்கென்வால்ட் முகாமில் கைதிகள் மேல் நடந்த டைஃபஸ் தடுப்பூசிச் சோதனையில் அவருக்குப் பங்கு உண்டு, பலர் அதில் இறந்தார்கள்.

1977-இல் சிலர் இந்தப் பெயரை விடச் சொல்லி எழுதினார்கள். 2003-இல் மூட்டுவியல் இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடி, இனி பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பெயரைப் பரப்பியவர்களில் ஒருவரான எங்கல்மனே பிறகு அதைக் கைவிடச் சொன்னவர்களோடு சேர்ந்தார். எனக்கு இதில் பிடித்த இடம் அதுதான்.

உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். புது டாக்டரிடம் காட்டும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள். இணையத்தில் பழைய கட்டுரைகளைத் தேடும்போதும் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

அறிவியல் விதிகளின் பெயரையும் மாற்றுகிறார்களா? (யாழ்ப்பாண மாணவர்)

மாற்றியது உண்டு, ஆனால் பெயரை எடுத்துவிட்டு அல்ல, இன்னொரு பெயரைச் சேர்த்து. தொலைவில் உள்ள விண்மீன் மண்டலம் அதிக வேகத்தில் விலகுகிறது என்ற விதியை 'ஹபிள் விதி' என்று படித்திருப்பீர்கள். ஹபிளின் கட்டுரை 1929. பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் 1927-இலேயே இதைப் பிரெஞ்சில், அதிகம் பேர் படிக்காத ஒரு இதழில் எழுதிவிட்டார். 1931-இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது முக்கியமான பத்தி காணோம். யாரோ சதி செய்தார்கள் என்ற சந்தேகம் ரொம்ப நாள் ஓடியது. 2011-இல் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. மொழிபெயர்த்தவர் லெமேத்ரேதான்! ஹபிள் வெளியிட்ட பிறகு பழைய கணக்கைத் திரும்ப அச்சிடுவதில் அர்த்தமில்லை என்று அவரே விட்டிருக்கிறார். 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் உறுப்பினர்களில் வாக்களித்தவர்களில் 78 சதவீதம் பேர் 'ஹபிள்-லெமேத்ர் விதி' என்ற பெயருக்கு ஆதரவளித்தார்கள். அது ஒரு பரிந்துரைதான், பாடநூலில் எது இருக்கிறதோ அதைத் தேர்வில் எழுதுங்கள்.

அப்படியானால் எல்லா ஆள்பெயரையும் எடுத்துவிடுவதே நல்லதா? (சேலம் வாசகர்)

எனக்கு அதில் தயக்கம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல், புதிய நோய்களுக்கு ஆள், ஊர், விலங்கு பெயர் வேண்டாம் என்று வழிகாட்டியது. புதியவற்றுக்கு அது சரி. ஆனால் டவுன் சிண்ட்ரோமைப் பாருங்கள். முன்பு அதை 'மங்கோலிசம்' என்றார்கள். இழிவான அந்தப் பெயரைப் போக்கத்தான் டவுன் என்ற மருத்துவரின் பெயர் வந்தது. தொழுநோயும் அப்படித்தான். குஷ்டம் என்ற சொல்லின் களங்கத்தைத் தவிர்க்கத்தான் பலர் 'ஹான்சன் நோய்' என்கிறார்கள். ஆனால் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த மருத்துவரான அந்த ஹான்சனே சம்மதம் கேட்காமல் ஒரு நோயாளியின் கண்ணில் கிருமியைச் செலுத்திப் பார்த்து, அதற்காக 1880-இல் நார்வேயின் பெர்கன் நகர நீதிமன்றத்தில் மருத்துவமனைப் பதவியை இழந்தவர்.