நாளைக்கே கட்ட வேண்டுமா 20,000?

"என் தங்கை ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர நினைக்கிறாள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் எங்கள் ஊரில் ஒரு சென்டர் நடக்கிறது. யுஜிசி, ஐஎஸ்ஓ சான்றிதழ் எல்லாம் மாட்டி வைத்திருக்கிறார்கள். மொத்தக் கட்டணம் 1,20,000 ரூபாய். நாளைக்குள் 20,000 கட்டினால் 30 சதவீதம் ஸ்காலர்ஷிப் என்கிறார்கள். நம்பிக் கட்டலாமா?" - வாசகர், திண்டுக்கல்

நாளைக்குக் கட்டாதீர்கள். முதலில் deb.ugc.ac.in தளத்தைத் திறந்து பாருங்கள். தொலைநிலைக் கல்வியையும் ஆன்லைன் பட்டங்களையும் கவனிக்கும் யுஜிசி பிரிவின் தளம் அது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பருவத்தில், எந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தொலைநிலைப் பட்டியல் வேறு, ஆன்லைன் பட்டியல் வேறு. உங்கள் தங்கை சேரப்போகும் பருவத்துக்கான ஆன்லைன் பட்டியலில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேராக எம்.பி.ஏ. என்று இருக்க வேண்டும். ஆன்லைன் பி.காம். நடத்த அனுமதி வாங்கிய இடம், அதைக் காட்டியே எம்.பி.ஏ.வுக்கும் ஆள் பிடிக்கும். சென்டர் சுவரில் மாட்டியிருக்கும் யுஜிசி கடிதம் போலியாக இருக்க வேண்டும் என்றில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாகக் கொடுத்த கடிதத்தை, இந்தப் படிப்புக்குக் கொடுத்ததுபோல் காட்டுவதுதான் வழக்கமான தந்திரம். ஐஎஸ்ஓ சான்று அலுவலக நிர்வாக முறையைப் பற்றியது. பட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இந்தப் பட்டியலைத் தமிழில் எளிமையாக வெளியிட்டால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும். ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, மாணவர்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு விடுகிறார்கள். பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஒருவரை, ஒரு கல்லூரி ஆசிரியரையாவது, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. 2024 முதல், இந்தியாவில் ஆன்லைன் அல்லது தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் இதே தளத்தில் DEB ID என்ற அடையாள எண்ணை எடுக்க வேண்டும். அதற்கு, மாணவரின் படிப்பு கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்ணான ஏபிசி ஐடி வேண்டும். அதை டிஜிலாக்கரில் எடுக்கலாம். சென்டரில் இந்த DEB ID பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்த ஸ்காலர்ஷிப். 1,20,000-இல் 30 சதவீதம் 36,000. போக 84,000 கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் முழுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். அங்கேயே 80,000 என்று இருந்தால், உதவித்தொகை என்ற பெயரில் உங்களிடம் 4,000 கூடுதலாக வாங்குகிறார்கள். உண்மையான உதவித்தொகையில் பணம் உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து போகாது. மத்திய அரசின் scholarships.gov.in தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

எனக்கு இந்த இடைத்தரகர்கள்மேல்தான் தீராத கோபம். ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு கமிஷன் என்று வாங்கும் ஆளுக்குப் பட்டம் செல்லுமா செல்லாதா என்ற கவலை இருக்காது. பட்டப்படிப்பைத் தனியார் சென்டருக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதையே யுஜிசி விதி தடுக்கிறது. ஆன்லைன் படிப்புக்கு ஊரில் சென்டர் எதற்கு? சேர்வதென்றால் பல்கலைக்கழகத் தளத்திலேயே சேருங்கள். பணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போகட்டும். சென்டர் ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். "ஈஎம்ஐ போட்டுத் தருகிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்" என்றால் அது தங்கையின் பெயரில் எடுக்கும் கடன். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். யுஜிசி பட்டியலில் இல்லாத எல்லாமே மோசடி அல்ல. டேலி, பைத்தான், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புக்கு யுஜிசி அனுமதி தேவையில்லை. சொல்லிக்கொடுப்பவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பணம் வீணில்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஆனால் அவை பட்டம் ஆகாது. "எம்.பி.ஏ.வுக்கு இணையான எக்ஸிக்யூட்டிவ் சான்றிதழ்" என்று சென்டர் பேச்சை மாற்றினால், பட்டம் கேட்கும் அரசு வேலைக்கு அது செல்லாது என்று தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பிவிட்டீர்களா? மோசடி என்று தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in-இலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறிவிட்டால் முடக்குவது கடினம்.