அம்மம்மாவின் படத்தை லைனோவுக்குத் தயார்படுத்துவது

*கேள்வி: பின்னேரம் காலிமுகத்திடலில் எடுத்த அம்மம்மாவின் படத்தை லைனோவில் வெட்டி அச்சிட ஆசை. GIMP-இல் கறுப்பு வெள்ளையாக்கினால் முகம் முழுக்கக் கறுத்துப் போகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் நரைத்த தலை வானத்தோடு கரைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? – வாசகி, வெள்ளவத்தை*

பின்னேரத்தில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வானம் வெளுத்து, முகம் இருண்டுதான் விழும். அந்த முகத்துக்கும் வானத்துக்கும் கறுப்பு வெள்ளையைப் பிரிக்கும் ஒரே எல்லை பொருந்தாது. இரண்டு தடவை பிரித்து ஒட்டுங்கள்.

முதலில் படத்தை அச்சு அளவுக்கு மாற்றுங்கள். 300 dpi என்றால் 1 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். பழகாத கைக்கு அதைவிட மெல்லிய கோட்டை உடையாமல் விட்டு வெட்டுவது கஷ்டம். ஆகவே Gaussian Blur-ஐ 5 அல்லது 6 பிக்சலில் போட்டுச் சிறு விபரங்களைக் கரைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சேலையெல்லாம் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி விழும்.

அப்புறம் படலத்தை இரண்டாகப் பிரதியெடுத்து, ஒவ்வொன்றிலும் Colors > Threshold போடுங்கள். ஒன்றில் முகத்தை மட்டும் பாருங்கள். 127-இலிருந்து மெல்லக் குறைத்தால் முதலில் நெற்றி வெளுக்கும், பிறகு கன்னம். இமைக்கோடும் மூக்கின் அடியும் வாயும் மட்டும் கறுப்பாக மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். மற்றதில் சேலை நன்றாக வரும் எண்ணைப் பிடியுங்கள். முகப் படலத்தை மேலே வைத்து, Layer Mask-இல் முகம் தவிர்ந்த பகுதியை மறைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். சுருக்கங்களில் இரண்டு மூன்றை வைத்திருந்தால் போதும்; எல்லாவற்றையும் வைத்தால் முகம் கீறல் விழுந்ததுபோல் இருக்கும்.

நரைமயிருக்கு எந்த எண்ணும் உதவாது. அதுவும் வானமும் ஒரே வெளிச்சம். இங்கே படத்தை மீறத்தான் வேண்டும்: தலைக்குப் பின்னால் வானத்தைக் கறுப்பாக்கிவிடுங்கள். வெள்ளைத் தலை பளிச்சென்று எழும், வெட்டும் வேலையும் குறையும். தோளுக்குக் கீழே சேலை இருட்டு என்றால் அங்கே வானத்தை வெள்ளையாக விடுங்கள். கறுப்பு வெள்ளையாகும் இடத்தில், நுனி மெலிந்த நீள வெட்டுகளால் இரண்டையும் கலக்கலாம். காகித ஸ்டென்சிலில் போல இணைப்புப் பாலம் தேவையில்லை. லைனோவில் தனித்த கறுப்புத் துண்டும் அடித்தளத்தோடு ஒட்டியே நிற்கும்.

கடைசியாக, திருப்புதல். கார்பன் தாள் வைத்து வரைவதென்றால் Flip Horizontally செய்துவிட்டு அச்செடுங்கள். பென்சிலால் ட்ரேசிங் தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்துத் தேய்ப்பதென்றால் திருப்பவே வேண்டாம். அது தானாகத் திரும்பும். இரண்டையும் செய்தால் அச்சில் இடம்வலம் மாறிவிடும். வெட்டுமுன் முந்தானையைப் பாருங்கள். அம்மம்மா இடது தோளில் போட்டிருந்தால், லைனோவில் அது வலது தோளில் தெரிய வேண்டும்.