மச்சானின் கணக்குப்படியே கேளுங்கள்

கேள்வி: வக்கீல் ஐயா, புளியங்குடியில் இருந்து எழுதுகிறேன். நானும் என் மனைவியின் அண்ணனும் ஆளுக்கு நாலு லட்சம் போட்டு 8 லட்சத்துக்கு ஒரு லோடு வண்டி எடுத்தோம். எலுமிச்சை ஏற்றிக் கேரளாவுக்கு ஓடுகிற வண்டி. ஆர்.சி. என் பெயரில், ஓட்டுவது மச்சான். 2020 ஜூலை 1 அன்று முத்திரைத்தாளில் இப்படி எழுதிக்கொண்டோம்: "வண்டி விலையில் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் நூற்றுக்குப் பதினைந்து தேய்மானம் கழிக்கப்படும். மதிப்பு பாதிக்குக் கீழே வரும் ஆண்டு முடிவில், வண்டியை வைத்துக்கொள்பவர் மற்றவருக்கு அன்றைய மதிப்பில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும்." இப்போது ஐந்து வருஷத்துக்கு 75 சதவீதம் போச்சு, ஒரு லட்சம்தான் தருவேன் என்கிறார். என் கணக்கில் 1,77,482 ரூபாய் வர வேண்டும். வெளியில் விற்றால் வண்டி நாலரை லட்சத்துக்குப் போகும். என் மகள் சடங்குக்கும் அவர் வரவில்லை. 2028 வரை கேஸ் போட டைம் இருக்கு, அவசரம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். போடட்டுமா?

பதில்: சடங்குக்கு வராதது வழக்கில் வராது. நாலரை லட்சம் சந்தை விலையும் வராது, ஏனென்றால் விலையை எப்படிக் கணக்கிடுவது என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். சட்டப்படி இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வண்டியின் மதிப்பு பாதிக்குக் கீழே இறங்கியது எந்த ஆண்டு முடிவில்?

பதினைந்து சதவீதத்தை எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் நீங்களும் மச்சானும் பிரிகிறீர்கள். நீங்கள் ஒவ்வொரு வருஷமும் மிச்சம் இருக்கும் மதிப்பில் கழிக்கிறீர்கள். 8,00,000 முதல் ஆண்டு முடிவில் 6,80,000 ஆகும், அப்புறம் 5,78,000, 4,91,300, 4,17,605, ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,54,964. பாதி என்பது நாலு லட்சம். நாலாம் ஆண்டு முடிவில் மதிப்பு அதற்கு மேலேயே நிற்கிறது, ஐந்தாம் ஆண்டு முடிவில், அதாவது 2025 ஜூன் 30 அன்றுதான் கீழே இறங்குகிறது. உங்கள் பங்கு 1,77,482. இதுவரை உங்கள் கணக்கு சரி.

மச்சான் வாங்கிய விலையிலேயே வருஷம் 1,20,000 கழிக்கிறார். 6,80,000, 5,60,000, 4,40,000, 3,20,000, 2,00,000. ஐந்தாம் வருஷத்து இரண்டு லட்சத்தில் பாதி ஒரு லட்சம் என்கிறார். ஆனால் அவருடைய வரிசையிலேயே நாலாம் எண்ணைப் பாருங்கள். 2024 ஜூன் 30 அன்றே மதிப்பு 3,20,000-க்கு வந்து, பாதிக்குக் கீழே போய்விட்டது. பத்திரப்படி கணக்கு அன்றைக்கு நின்றுவிடுகிறது, அன்றைய மதிப்பில்தான் பாதி. ஆக, அவர் வழியே போனாலும் தர வேண்டியது 1,60,000. ஐந்தாம் வருஷத் தேய்மானத்தை உங்கள் தலையில் வைக்க அவருக்கு உரிமை இல்லை.

நீங்கள் இருவரும் உண்மையில் சண்டை போட்டுக்கொண்டிருப்பது 17,482 ரூபாய்க்குத்தான்.

மதிப்பு சரியாக நாலு லட்சத்தைத் தொட்ட மாதத்தைக் கண்டுபிடித்து இரண்டு லட்சம் கேட்கலாமே என்று யாராவது சொல்லுவார்கள். உங்கள் கணக்கில் அது நாலு வருஷம் மூன்று மாதம் போல வரும், அவர் கணக்கில் மூன்று வருஷம் நாலு மாதம். ஆனால் பத்திரத்தில் "ஆண்டு முடிவில்" என்று இருப்பதால் இடையில் உள்ள மாதங்களுக்கு இங்கே வேலை இல்லை.

அந்த 17,482-ஐயாவது வழக்கில் பிடிக்க முடியுமா? பத்திரத்தில் "வண்டி விலையில்" என்று எழுதியிருக்கிறீர்கள். விலை என்றால் வாங்கிய விலை என்று மச்சானின் வக்கீல் சொல்வார், அந்த வாதம் பலமானது. உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, பிரச்சினை வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் வருஷக் கணக்கு எழுதிய நோட்டு. அதில் முதல் வருஷத்தைப் பார்த்துப் பயன் இல்லை, எந்த வழியிலும் 6,80,000-தான் வரும். இரண்டாம் வருஷத்தில் அவர் கைப்பட 5,78,000 என்று இருந்தால் உங்கள் பக்கம், 5,60,000 என்று இருந்தால் அவர் பக்கம். அப்படி நோட்டே இல்லை என்றால் இந்த வாதத்தை நம்பி நீதிமன்றம் ஏறாதீர்கள்.

நான் பயப்படுவது 2028 என்று உங்களிடம் சொன்னவரைப் பற்றித்தான். ஒப்பந்தப்படி தர வேண்டிய பணம் வராவிட்டால், தவறிய நாளில் இருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்கள் கணக்கில் பணம் வர வேண்டிய நாள் 2025 ஜூன் 30, ஆகவே கெடு 2028. மச்சான் கணக்கில் அது 2024 ஜூன் 30, ஆகவே கெடு 2027 ஜூனில் முடிகிறது. நீங்கள் நிதானமாக 2028 தொடக்கத்தில் வழக்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். நீதிமன்றம் "வண்டி விலையில்" என்பதற்கு மச்சான் சொல்லும் பொருளை ஏற்றுக்கொண்டால், உங்களுக்குக் குறைவது 17,482 அல்ல, முழு 1,60,000-மும் காலாவதி. தன் தரப்பு நியாயத்தில் நம்பிக்கை அதிகமாகி, கெடுவையும் தன் கணக்கை வைத்தே எண்ணிக் கைப்பொருளை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொகையை உங்கள் கணக்கில் கேளுங்கள், கெடுவை மட்டும் எதிராளியின் கணக்கில் எண்ணுங்கள்.

இதற்கு நடுவில் மச்சானிடம் இருந்து ஒரு கடிதம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். "வண்டி வகையில் தர வேண்டியது உண்டு, தொகையில்தான் தகராறு" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். கெடு முடிவதற்கு முன் அப்படி ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியில் இருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும் என்கிறது 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. வாய்ச்சொல்லாக ஒரு லட்சம் தருகிறேன் என்றதற்கு அந்தப் பலன் கிடையாது.

இன்னொரு தடையும் வரலாம். லாபத்தைப் பங்கு போட்டு ஓட்டியதால், இது பதிவு செய்யாத கூட்டு வணிகம், பங்குதாரர் மேல் ஒப்பந்த வழக்கு செல்லாது என்று கூட்டாண்மைச் சட்டம் 69-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அப்போது கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் வழக்காகத்தான் போக முடியும், அது இழுக்கும்.

அதைவிட அவசரம், ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தால், இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரைத்தான் பிடிப்பார்கள். வண்டியை விற்றுக் கைமாற்றிய பிறகும், பெயர் மாற்றாதவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ராத்திரியில் ஓடும் வண்டி இது. இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அதனால் சமரசம் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். 1,77,482 என்ற எண்ணை எடுக்க வேண்டாம். மச்சானின் கணக்கையே ஒரு தாளில் எழுதி, நாலாம் வருஷத்துக்கு நேரே கோடு போட்டு, 1,60,000 கேளுங்கள். தன் எண்ணைத் தானே மறுப்பது அவருக்குக் கஷ்டம். ஒத்துக்கொண்டால் உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்துவிடுங்கள், நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாக நிற்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பணம் கைக்கு வரும் அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் படிவத்தில் முன்கூட்டிப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், 2027 ஜூனுக்கு முன்பே, 1,77,482 அல்லது அது ஏற்கப்படாவிட்டால் 1,60,000 என்று இரண்டையும் ஒரே மனுவில் கேட்டு வழக்குப் போடுங்கள்.